நீ போட்ட ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது?

“சார், நான் பேங்க்ல போட்ட நோட்டையேதான் எனக்குத் திருப்பிக் கொடுப்பாங்களா?”

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஓர் அரசுப் பள்ளியில் பிள்ளைகளிடம் ஒரு பாடவேளை வங்கியைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். என்ன பேசுவது என்று குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கேள்வி வந்ததும் குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். வங்கி என்றால் என்ன என்பதற்கான பதில் முழுவதும் அதற்குள்ளேயே இருந்தது. அன்று பிள்ளைகளோடு பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்களும் கேட்கத் தயங்கும் கேள்விகள் சில அதில் வந்தன.

அந்த நோட்டு திரும்ப வராது. கவுன்டரில் பணம் கட்டும் சீட்டை நிரப்பிக் கொடுக்கிறாய். காசாளர் எண்ணிப் பார்த்து, கணினியில் பதிந்து, சீட்டின் ஒரு பாதியில் முத்திரை குத்தி உன்னிடம் தருகிறார். அந்த நொடியிலிருந்து அந்த நோட்டு வங்கியுடையது. இன்னும் சிறிது நேரத்தில், பென்ஷன் வாங்க வந்த ஒரு பாட்டியின் கையில் அது இருக்கலாம். அழுக்காகவோ கிழிந்தோ இருந்தால் தனியே எடுத்து ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிவிடுவார்கள். உனக்குக் கிடைத்தது நோட்டுக்குப் பதிலாக ஓர் உறுதி: “இவருக்கு நாங்கள் இவ்வளவு ரூபாய் தர வேண்டியிருக்கிறது” என்று வங்கி தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. உன் பாஸ்புக்கில் அச்சாகும் வரி அந்த உறுதியின் நகல்.

வங்கியின் இருப்புநிலைக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் மக்கள் போட்ட பணமெல்லாம் ‘சொத்து’ என்ற பக்கத்தில் இருக்காது. ‘பொறுப்பு’ என்ற பக்கத்தில், அதாவது வங்கி பிறருக்குத் தர வேண்டிய கடன் என்ற தலைப்பின்கீழ் இருக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “அப்படின்னா பேங்க் எங்ககிட்ட கடன் வாங்குதா சார்?” என்றான். ஆம். ஆயிரம் ரூபாய் போடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அந்த ஆயிரத்துக்கு வங்கிக்குக் கடன் கொடுத்தவன். இது ஒன்று புரிந்துவிட்டால் வட்டியும் புரியும், ஆபத்தும் புரியும், பாதுகாப்பும் புரியும்.

வாங்கிய கடனை வங்கி என்ன செய்கிறது? நீ ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் இப்போதைய விதிப்படி அதில் 3 சதவீதம், அதாவது 30 ரூபாயை, ரிசர்வ் வங்கியிடம் ரொக்க இருப்பாக வைத்தாக வேண்டும். அந்தப் பணத்துக்கு வங்கிக்கு வட்டி எதுவும் கிடைக்காது. இன்னொரு 18 சதவீதத்தை, அதாவது 180 ரூபாயை, அரசுக் கடன் பத்திரங்கள் போன்ற பத்திரமான இடங்களில் போட வேண்டும். இந்த விகிதங்களை ரிசர்வ் வங்கி அவ்வப்போது கூட்டும், குறைக்கும். மீதி 790 ரூபாயைத்தான் வங்கி கடனாகக் கொடுக்கலாம். அதிலும் ஏ.டி.எம்.களிலும் கவுன்டரிலும் கேட்பவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளும்.

கடன் யாருக்குப் போகிறது? கடைத்தெருவில் இரண்டாவது தையல் இயந்திரம் வாங்க நினைக்கும் தையல்காரருக்கு. விதைப்புக்கு முன் பயிர்க்கடன் கேட்கும் விவசாயிக்கு. கல்லூரிக் கட்டணம் கட்ட நகையை அடகு வைக்கும் அம்மாவுக்கு. ஒரு பிள்ளையின் ஆயிரம் ரூபாயால் தையல் இயந்திரம் வாங்க முடியாது. ஊரில் பலர் போட்ட சிறு தொகைகள் சேர்ந்தால் முடியும். பணம் கொஞ்ச நாள் தேவைப்படாதவர்களிடமிருந்து வாங்கி, இன்று தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் வங்கியின் தொழில். பெட்டகம், காவலர், கம்பிக் கதவு எல்லாம் இந்தத் தொழிலுக்குத் துணை.

வாங்குகிறவர் சும்மா வாங்குவதில்லை. ஒரு நாள் முழுக்க ஓட்ட உன் சைக்கிளை ஒருவர் எடுத்துப்போனால், மாலையில் சைக்கிளோடு வாடகையும் தருவார். வட்டி என்பது பணத்துக்கான வாடகை. தையல்காரர் வங்கிக்குத் தருகிறார். அதில் ஒரு பகுதியை வங்கி உனக்குத் தருகிறது.

எவ்வளவு தருகிறது என்று சொன்னதும் வகுப்பில் சலசலப்பு. சேமிப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். பெரிய வங்கிகள் பலவற்றில் இப்போது அந்த அளவில்தான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கு 25 ரூபாய். அடுத்து வங்கியின் பக்கம். கடனாகப் போன 790 ரூபாய்க்கு 11 சதவீதம் வட்டி வந்தால் ஏறக்குறைய 87 ரூபாய். அரசுப் பத்திரத்தில் இருக்கும் 180 ரூபாய்க்கு 7 சதவீதம் என்றால் 13 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து வங்கிக்குக் கிட்டத்தட்ட 100 ரூபாய்.

“நூறு வாங்கிட்டு எங்களுக்கு இருபத்தஞ்சுதானா? அநியாயம் சார்!”

கோபம் நியாயமானதுதான். ஆனால் மீதி 75 ரூபாய் அப்படியே லாபமாகிவிடுவதில்லை. ஊழியர் சம்பளம், கிளைக்கு வாடகை, ஏ.டி.எம்., கணினி எல்லாம் அதிலிருந்துதான். கனமான இன்னொரு செலவு வாராக்கடன். ஒரு தொழிற்சாலை நொடித்து, வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டால், “தையல்காரர் கட்டவில்லை, அதனால் உன் ஆயிரத்தைத் தர மாட்டோம்” என்று வங்கி உன்னிடம் சொல்ல முடியாது. அந்த நட்டத்தை வங்கியே தாங்க வேண்டும். அதற்குத் தாங்கும் சக்தி இந்த இடைவெளியில் இருந்துதான் வருகிறது. தவிர, வங்கியிடம் இருப்பது சேமிப்புக் கணக்குப் பணம் மட்டும் இல்லை. அதைவிட அதிக வட்டிக்கு வாங்கிய வைப்புத்தொகைகளும் இருக்கின்றன. எல்லாச் செலவும் போக நிற்பதுதான் லாபம்.

அந்த 25 ரூபாயும் ஆண்டு முடிவில் ஒரே தவணையாக வராது. ஒவ்வொரு நாளும் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று பார்த்து, நாள்தோறும் வட்டியைக் கணக்கிட்டு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ப்பார்கள். பலகையில் ஓர் உதாரணம் போட்டோம். ஏப்ரல் 1 அன்று கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. மே 1 அன்று மாமா கொடுத்த 500 ரூபாயைப் போடுகிறாய். இருப்பு 1,500. ஜூன் 1 அன்று பள்ளி திறப்பதற்குப் பை வாங்க 700 ரூபாய் எடுக்கிறாய். இருப்பு 800.

ஏப்ரலில் 30 நாளும் ஆயிரம் இருந்தது. 30-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 30,000. மே மாதம் 31 நாள், 1,500 ரூபாய். பெருக்கினால் 46,500. ஜூனில் 30 நாள், 800 ரூபாய். அது 24,000. மூன்றையும் கூட்டினால் 1,00,500. இதை இரண்டரையால் பெருக்கி, நூறால் வகுத்து, மறுபடி 365-ஆல் வகுக்க வேண்டும். விடை 6 ரூபாய் 88 காசு. அருகில் உள்ள முழு ரூபாயாக்கி 7 ரூபாய் உன் கணக்கில் ஏறும். பிள்ளைகள் இதை என்னைவிட வேகமாகப் போட்டார்கள். இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளை, பாஸ்புக்கில் வட்டி என்று அச்சாகும் எண்ணைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

வீட்டில் தாத்தா இருந்தால் வேறு ஒரு கணக்குச் சொல்வார். “பத்தாம் தேதிக்குள்ள போடணும், இல்லேன்னா அந்த மாச வட்டி போச்சு” என்பார். அவர் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. முன்பு ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் மிகக் குறைவாக எவ்வளவு இருந்ததோ, அதற்கு மட்டும்தான் வட்டி. 11-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் கிடையாது. இருபதாம் தேதி ஒருநாள் மட்டும் பணத்தை எடுத்துத் திரும்பப் போட்டாலும் வட்டி குறையும். 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று மாறியது. சிறு சேமிப்பாளர்களுக்கு நடந்த நல்ல மாற்றங்களில் இதை நான் முதலில் வைப்பேன். கையில் இருக்கும் சிறு தொகையும் போட்ட நாளிலிருந்தே வட்டி ஈட்டுகிறது.

அதே வங்கி வைப்புத்தொகைக்கு மட்டும் ஏன் கூடுதல் வட்டி தருகிறது? சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை நீ நாளைக்கே கேட்கலாம். அதை நம்பி ஐந்து வருடக் கடன் கொடுக்க வங்கி யோசிக்கும். “ஐந்து வருடம் தொட மாட்டேன்” என்று நீ எழுதிக் கொடுத்தால் வங்கி துணிந்து நீண்ட காலக் கடன் கொடுக்கும். அந்த உறுதிக்கான விலைதான் கூடுதல் வட்டி. 6 சதவீதம் என்று வைத்தால், ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 60, ஐந்து ஆண்டுக்கு 300 என்று நாம் நினைப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை முதலோடு சேர்ப்பதால், சேர்ந்த வட்டியும் வட்டி ஈட்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் கையில் வருவது ஏறக்குறைய 1,347 ரூபாய். அதிகப்படியாக வந்த 47 ரூபாய் வட்டி ஈட்டிய வட்டி. இடையிலேயே பணம் தேவைப்பட்டால் எடுக்கலாம். ஆனால் பொதுவாக வட்டியைக் குறைத்துத்தான் தருவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், சொன்னேன். சேமிப்புக் கணக்கின் இரண்டரை சதவீதம் பல ஆண்டுகளில் விலைவாசி ஏறும் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. சேமிப்புக் கணக்கு பணத்தைப் பெருக்குவதற்கான இடம் அல்ல. கைக்கு எட்டுகிற தூரத்தில், திருடு போகாமல் வைத்திருக்கும் இடம். நீண்ட நாளுக்கான பணத்தை வைப்பாகவோ மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பாகவோ போடுவதே பொருத்தம்.

இங்கேதான் அன்றைய மிகக் கூர்மையான கேள்வி வந்தது. “எங்க பணத்தைக் கடனாக் கொடுத்துட்டீங்க. நாங்க எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்டா?”

கொடுக்க முடியாது. உலகத்தில் எந்த வங்கியாலும் முடியாது. சாதாரண நாட்களில் சிலர் எடுப்பார்கள், சிலர் போடுவார்கள், அதனால் ஓடுகிறது. ‘அந்த வங்கி மூழ்கப்போகிறது’ என்று ஒரு வதந்தி கிளம்பி எல்லோரும் வாசலில் கூடினால், நல்ல வங்கியும் திணறும். கடன்கள் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தால் வதந்தியே வேண்டாம்.

இதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, ஊர் வியாபாரிகளை நம்பி, அவர்களும் அதை நம்பி வளர்ந்தது. பின்னாளில் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடன்களாகி, நட்டம் மேல் நட்டம் வந்தது. 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு அந்த வங்கிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்ற அவசரத்துக்கு மட்டும் அனுமதி பெற்று அதிகம் எடுக்கலாம். அந்த நாட்களில் கிளைகளின் முன் நின்றவர்களுக்குத்தான் தெரியும், பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று.

பிறகு என்ன ஆயிற்று? ரிசர்வ் வங்கி அந்த வங்கியை டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைத்தது. நவம்பர் 27-இல் இணைப்பு நடந்தது, தடையும் நீங்கியது. டெபாசிட் போட்டவர்களின் பணம் முழுவதும் புதிய வங்கியில் அப்படியே நின்றது. ஆனால் லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. டெபாசிட் போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்கு வாங்கியவர் வங்கியின் உரிமையாளரில் ஒருவர். நட்டம் வந்தால் உரிமையாளர்தான் முதலில் தாங்க வேண்டும். இந்த வேறுபாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

வங்கியை இணைக்கவும் முடியாமல் போனால்? அதற்குக் காப்பீடு இருக்கிறது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி நொடித்துப்போனது. அது போன்ற அடிகளுக்குப் பிறகு, 1962 முதல் இந்தியாவில் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது. அன்று 1,500 ரூபாய் வரைக்கும்தான். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் இதைத் தருகிறது. பிரீமியத்தை வங்கி கட்டும், நீ கட்ட வேண்டியதில்லை.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. 5 லட்சம் என்பது ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. அதே வங்கியின் நாலு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் கூட்டிப் பார்த்து 5 லட்சம்தான். வேறு வேறு வங்கிகளில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அடுத்தது, கூட்டுறவு வங்கிகளுக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் கிராமங்களில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை. பெயரில் கூட்டுறவு என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அஞ்சலகச் சேமிப்பு இந்தக் காப்பீட்டில் வராது என்றாலும் அதற்கு மத்திய அரசே பொறுப்பு.

“எங்க தெருவுல ஒருத்தர் மாசம் பத்து பர்சென்ட் தர்றாரு சார். பேங்க் மட்டும் ஏன் வருஷத்துக்கு ஆறு?” என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பில் சிலர் தலையாட்டினார்கள். இந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன்.

பலகையில் ஒரு லட்சம் என்று எழுதினேன். மாதம் 10 சதவீதம் என்றால் மாதம் பத்தாயிரம். பத்து மாதத்தில் ஒரு லட்சம். அந்த மனிதர் உன் பணத்தை வைத்து ஒரு வியாபாரமும் செய்ய வேண்டாம். உன் பணத்தையே பத்துத் துண்டாக்கி மாதாமாதம் உனக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் போதும், பத்து மாதம் சொன்ன வாக்குத் தவறாமல் வட்டி வரும். அதற்குள் நீ மகிழ்ந்துபோய் அத்தையிடமும் பெரியப்பாவிடமும் சொல்வாய். அவர்களும் ஆளுக்கு ஒரு லட்சம் போடுவார்கள். பதினோராம் மாதம் உனக்கு வருவது அத்தையின் பணம். புதிதாகப் பணம் போடுகிறவர் வராத மாதத்தில் அலுவலகம் பூட்டியிருக்கும். முதலில் ஒழுங்காக வட்டி வந்தது என்பது நேர்மைக்குச் சான்று அல்ல. இந்த ஏமாற்று வேலை அப்படித்தான் தொடங்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வட்டியை எனக்குத் தர, அவர் யாரிடமிருந்து எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? மாதம் 10 என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். எந்தத் தையல் கடையும் எந்தத் தொழிற்சாலையும் கடன் வாங்கி அவ்வளவு வட்டி கட்டி நிலைக்க முடியாது. தமிழ்நாடு இதில் நிறையப் பட்டிருக்கிறது. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடிய பிறகு, முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. பின்னர் ஈமு கோழி வந்தது, அதற்குப் பின்னும் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஏமாந்தவர்கள் மாநிலக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று தேடிப் பார்க்கவும், புகார் செய்யவும் ரிசர்வ் வங்கி நடத்தும் தளம் sachet.rbi.org.in. பணம் போடுவதற்கு முன் பார்த்தால்தான் அதனால் பயன்.

கடைசியாகக் கைப்பேசி. பிள்ளைகளிடம் இதைப் பேசாமல் விட முடியாது, ஏனென்றால் பல வீடுகளில் அம்மாவின் போனை அம்மாவைவிடப் பிள்ளைதான் அதிகம் கையாளுகிறது. பூட்டு, சாவி, பெட்டகம் எல்லாம் வங்கியிடம் இருந்தாலும் ரகசிய எண் நம்மிடம் இருக்கிறது. வங்கியை உடைக்கத் தேவையில்லாமல் நம்மையே திறக்க வைப்பதுதான் இன்றைய திருட்டு.

ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். பணம் அனுப்பத்தான் யு.பி.ஐ. ரகசிய எண் வேண்டும், பணம் வாங்குவதற்கு ஒருபோதும் வேண்டாம். “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, வாங்கிக்க இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி நாலு நம்பரைப் போடுங்க” என்று யார் சொன்னாலும், அந்த எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. பழைய பொருளை விற்க விளம்பரம் கொடுத்தவர்கள் பலர் இப்படித்தான் இழந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வரும் கோப்பின் பெயர் .apk என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. அதைத் திறந்து நிறுவிவிட்டால் போனுக்கு வரும் ஓ.டி.பி. வேறொருவர் கைக்குப் போய்விடும். ஓ.டி.பி.யை வங்கி ஊழியர் யாரும் கேட்க மாட்டார். இத்தனை ஆண்டு வேலையில் எனக்கு அது ஒருமுறையும் தேவைப்பட்டதில்லை.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. “உன் அக்கவுன்டைக் கொஞ்ச நாள் கொடு, பணம் வரும், எடுத்துக் கொடுத்தா கமிஷன் தர்றேன்” என்று யாராவது கேட்டால் மறுத்துவிடு. அது பெரும்பாலும் வேறு யாரிடமோ திருடிய பணம். உன் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் வருவது உன் வீட்டுக்கு. கணக்கை முடக்குவார்கள், வழக்கில் உன் பெயரும் சேரும். ‘எனக்குத் தெரியாது’ என்று நிரூபிக்கும் பாடு உன் அப்பாவுக்கு.

மீறியும் பணம் போய்விட்டால் அழுதுகொண்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும், cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிய வேண்டும். திருடன் பணத்தைக் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவான். அது கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படும் முன் வழியில் எங்காவது நிறுத்த முடிகிறதா என்பது, நாம் எவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் குறையும் உன் குறையும் இல்லாமல் நடந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உனக்கு நட்டம் இல்லை. ஆனால் ஓ.டி.பி.யை நீயே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன நட்டம் உன்னுடையது. தெரிவித்த பிறகு ஆகும் நட்டம் வங்கியைச் சேரும். போனில் தப்புச் செய்த பிள்ளையை வீட்டில் அடிப்பதற்கு முன் அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். அடிக்குப் பயந்து மறைத்த ஒரு மணி நேரத்தில்தான் பணம் கைமாறுகிறது.

பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே பணம் போட்டு எடுக்கலாம். எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். பத்து வயதுக்குக் கீழே என்றால் அப்பா அல்லது அம்மா பிள்ளையின் சார்பில் நடத்த வேண்டும். சிறுவர் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க வங்கி அனுமதிக்காது, எனவே கடனாகிவிடும் என்ற பயம் தேவையில்லை. கணக்கைத் தொடங்கும்போதே வாரிசு நியமனப் படிவத்தையும் கேட்டு நிரப்பிவிடுங்கள்.

தொடங்கிய கணக்கை மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் நாமாக ஒரு வரவோ செலவோ செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்காகிவிடும். பத்து ஆண்டுகள் தொடாமல் விட்டால் தொகை ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது, கேட்டு வாங்கலாம், ஆனால் அலைய வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் வங்கிக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்தும் அடையாளச் சான்றும் கொடுத்து, சிறுவர் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் பிள்ளை பெயரில் பழைய பாஸ்புக் ஏதாவது இருக்கிறதா என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள். இருந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய் வரவு வைத்துக்கொண்டு வாருங்கள். செயல்படாத கணக்கை மீண்டும் இயக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது.